வெட்டுப்பட்ட cos x, காணாமல்போன இரண்டு தீர்வுகள்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். திரிகோணகணிதப் பயிற்சி ஒன்றில் இருந்த கேள்வி இது:

0 ≤ x ≤ 2π ஆயிடையில் sin 2x = cos x என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

ஒரே வாங்கில் அமரும் இரண்டு தோழிகளின் கொப்பிகளில் இதற்கு இரண்டு வேறு விடைகள் இருந்தன. ஒருத்தி கொட்டகலையிலிருந்து வருகிறவள், மற்றவள் தலவாக்கலை. இருவருக்கும் ஒரே பாதை, ஒரே பஸ். பெயர்கள் இங்கே தேவையில்லை என்பதால் ஊரை வைத்தே குறிப்பிடுகிறேன். கொட்டகலைக்காரி இரண்டு தீர்வுகள் எழுதியிருந்தாள், தலவாக்கலைக்காரி நான்கு. வகுப்பு முடிந்த பிறகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்து வாதாடினார்கள். நான் பெரும்பாலும் குறுக்கே போகவில்லை. அந்தப் பேச்சை அவர்கள் சம்மதத்தோடு கொஞ்சம் சீராக்கித் தருகிறேன். நடுநடுவே வருவது என் குறிப்பு.

முதலில் கொட்டகலைக்காரியின் செய்கை:

sin 2x = cos x
2 sin x cos x = cos x
2 sin x = 1
sin x = 1/2
x = π/6, 5π/6

தலவாக்கலைக்காரி வேறு வழியில் போயிருந்தாள். cos x என்பதை sin(π/2 − x) என்று மாற்றிவிட்டு, சைனின் பொதுத் தீர்வைப் பயன்படுத்தியிருந்தாள்:

sin 2x = sin(π/2 − x)
2x = nπ + (−1)ⁿ(π/2 − x), இங்கே n ஒரு நிறைவெண்

n இரட்டையாக, 2k ஆக இருந்தால் 3x = 2kπ + π/2 வரும். அதிலிருந்து x = 2kπ/3 + π/6. n ஒற்றையாக, 2k + 1 ஆக இருந்தால் x = 2kπ + π/2. கேட்ட ஆயிடைக்குள் முதல் வகையிலிருந்து π/6, 5π/6, 3π/2 என்ற மூன்றும், இரண்டாவதிலிருந்து π/2 உம் கிடைக்கின்றன.

இனி பேச்சு.

கொட்டகலை: நீ எங்கயோ ரெண்டைக் கூட்டிப் போட்டிருக்கடி. sin x = 1/2 ஆனா அந்த ஆயிடைக்குள்ள ரெண்டுதானே வரும்.

தலவாக்கலை: எனக்கு sin x = 1/2 ன்னு ஒரு வரியே வரல்லையே. பொதுத் தீர்வு போட்டேன், நாலு வந்துச்சு.

கொட்டகலை: நான் பொருத்தியும் பாத்துட்டேன். π/6 போட்டா இந்தப் பக்கம் sin π/3, அந்தப் பக்கம் cos π/6, ரெண்டும் √3/2. 5π/6 போட்டா ரெண்டு பக்கமும் −√3/2. இதுல எது பிழை?

தலவாக்கலை: பிழைன்னு யாரு சொன்னா? உன் ரெண்டும் என்கிட்டயும் இருக்கு. மிச்சம் ரெண்டையும் நீ பொருத்திப் பாரு.

கொட்டகலை: π/2 போட்டா sin π, அது பூச்சியம். cos π/2 உம் பூச்சியம். 3π/2 போட்டா sin 3π பூச்சியம், cos 3π/2 உம் பூச்சியம். பொருந்துதே!

பலர் இந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வார்கள். நான்குதான் சரி என்று தெரிந்துவிட்டது, கொப்பியில் இரண்டைச் சேர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் கொட்டகலைக்காரி அப்படிப் போகவில்லை. தன் செய்கையில் எந்த வரி பொய் என்று கேட்டாள். அவள் எழுதிய கடைசி வரியில் பொய்யே இல்லை என்பதுதான் இந்தச் சிக்கலின் தன்மை. இருக்கிற இரண்டும் உண்மையான தீர்வுகள், இல்லாமல்போனவை மட்டும்தான் குறை.

தலவாக்கலை: ஒண்ணு செய்வோம். π/2 தீர்வுதான்னு இப்ப தெரியும்ல? அதை உன் ஒவ்வொரு வரியிலயும் போட்டுக்கிட்டே வா.

கொட்டகலை: முதல் வரி, 0 = 0. சரி. ரெண்டாவது வரி, 2 × 1 × 0 இந்தப் பக்கம், 0 அந்தப் பக்கம். அதுவும் சரி. மூணாவது வரி, 2 × 1 = 1.

தலவாக்கலை: அதாவது?

கொட்டகலை: ரெண்டும் ஒண்ணும் சமம்னு வருது. அப்ப ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுலதான் செத்துப்போச்சு.

தலவாக்கலை: நடுவுல என்ன செஞ்ச?

கொட்டகலை: cos x ஐ வெட்டினேன். ரெண்டு பக்கமும் இருந்துச்சு, வெட்டினேன். ரெண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால வகுக்கலாம்னுதானே சின்ன வகுப்புலயிருந்தே படிக்கிறோம்.

தலவாக்கலை: பூச்சியம் இல்லாத எண்ணால.

கொட்டகலை: cos x பூச்சியமா என்ன?

தலவாக்கலை: x என்னன்னே இன்னும் தெரியாதே. π/2 வா இருந்தா பூச்சியம்தான்.

இந்த இடத்தை அவர்கள் வேகமாகக் கடந்துவிட்டார்கள், நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சமன்பாட்டில் x என்று எழுதும்போது, அந்த ஆயிடையில் உள்ள எல்லா எண்களும் இன்னும் போட்டியில் இருக்கின்றன. 5 ஆல் வகுத்தால் அத்தனை எண்களுக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம், 5 எங்கே போனாலும் 5 தான். cos x ஆல் வகுத்தால் ஒவ்வொரு x இற்கும் வேறு வேறு எண்ணால் வகுக்கிறோம். வகுப்பது என்றால் 1/cos x ஆல் பெருக்குவது. π/2 இலும் 3π/2 இலும் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ஆகவே அந்த இரண்டு x களையும் பற்றி மூன்றாவது வரியால் எதுவும் சொல்ல முடியாது. அவை தீர்வுகளா இல்லையா என்று பார்க்காமலேயே போட்டியிலிருந்து எடுத்துவிட்டோம், எடுத்ததாக எங்கும் எழுதவும் இல்லை.

எழுத வேண்டியது இதுதான். ab = ac என்றால் a(b − c) = 0. இரண்டு மெய்யெண்களின் பெருக்கம் பூச்சியமானால் அவற்றில் ஒன்றாவது பூச்சியம். எனவே a = 0 அல்லது b = c. வெட்டுகிறவர் b = c என்ற கிளையை மட்டும் எழுதிவிட்டு a = 0 என்ற கிளையை அப்படியே விட்டுவிடுகிறார். கொட்டகலைக்காரியின் a தான் cos x.

அப்புறம் அவள் கேட்ட கேள்வி தலவாக்கலைக்காரியைக் கொஞ்சம் திணற வைத்தது.

கொட்டகலை: அப்படின்னா sin x = cos x க்கு என்ன செய்ற? எல்லாரும் cos x ஆல வகுத்து tan x = 1 ன்னுதானே எழுதுறோம். சேரும் பலகையில அப்படித்தான் போட்டாரு. அங்கயும் cos x பூச்சியமாகலாமே. அங்க ஏன் ஒண்ணும் தொலையல?

தலவாக்கலை: அங்க... அது வழமையான முறைதானே.

கொட்டகலை: வழமைன்னு சொன்னா எப்படி? அங்க வகுத்தா சரி, இங்க வகுத்தா பிழையா?

தலவாக்கலை: பொறு. அங்க cos x பூச்சியம்னு வச்சுக்கோ. x வந்து π/2 இல்ல 3π/2. அப்ப sin x என்ன? ஒண்ணு இல்ல மைனஸ் ஒண்ணு.

கொட்டகலை: சமன்பாடு 1 = 0 ன்னு வரும். இல்லாட்டி −1 = 0.

தலவாக்கலை: ரெண்டுமே பொய். அப்ப π/2 உம் 3π/2 உம் அங்க தீர்வே இல்ல. தூக்கிப் போட்டாலும் நட்டமில்ல.

கொட்டகலை: நம்ம கணக்குல தூக்கிப் போட்ட ரெண்டும் தீர்வு.

இந்த வழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் கண்ட முக்கியக் காரணம் இதுதான். sin x = cos x, 3 sin x = 4 cos x போன்ற சமன்பாடுகளில் cos x ஆல் வகுத்து tan ஆக மாற்றுவது முறையான வழி. சைனும் கோசைனும் ஒரே x இல் சேர்ந்து பூச்சியமாக மாட்டா, ஏனென்றால் sin²x + cos²x = 1. அதனால் அங்கே வகுத்தல் பாதுகாப்பானது. ஆனால் அந்தக் காரணத்தை நாம் பலகையில் எழுதுவதே இல்லை, வகுப்பதை மட்டும் எழுதுகிறோம். பார்க்கிற பிள்ளை cos x ஆல் எப்போதும் வகுக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வாள். இப்போது நான் tan x = 1 எழுதுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கிறேன்: "cos x = 0 எனின் sin x = ±1, இது சமன்பாட்டைத் திருப்தி செய்யாது. எனவே cos x ≠ 0."

அவர்கள் விதி ஒன்றைத் தேடத் தொடங்கினார்கள். கொட்டகலைக்காரி முதலில் சொன்ன விதி கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கொட்டகலை: tan வருமாறு வகுத்தா பிரச்சினை இல்ல. சும்மா வெட்டினாத்தான் பிரச்சினை. சரியா?

தலவாக்கலை: தெரியல. ஒண்ணைப் போட்டுப் பாப்போம். sin 2x = 2 cos²x.

கொட்டகலை: 2 sin x cos x = 2 cos²x. cos²x ஆல வகுத்தா 2 tan x = 2. tan x = 1. x = π/4, 5π/4. பாத்தியா, tan தான் வந்துச்சு.

தலவாக்கலை: π/2 ஐப் போடு.

கொட்டகலை: sin π பூச்சியம். அந்தப் பக்கம் cos² பூச்சியம். ஐயோ, இங்கயும் போச்சு.

தலவாக்கலை: 3π/2 உம் போச்சு. tan வருதா இல்லையாங்கிறது கணக்கே இல்ல. எதால வகுக்கிறியோ அது பூச்சியமாகிற இடத்தைப் பழைய சமன்பாட்டுல போட்டுப் பாக்கணும். பொருந்தினா அது தீர்வு, எழுதி வச்சுக்கணும். பொருந்தலைன்னா தாராளமா வகுக்கலாம்.

இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு சமன்பாடுகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். sin x = cos x இல் cos x ஒரு பக்கத்துக்கு மட்டும் காரணி. sin 2x = 2 cos²x இல் அது இரண்டு பக்கத்துக்கும் காரணி. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான காரணி பூச்சியமானால் இரண்டு பக்கமும் சேர்ந்தே பூச்சியமாகும், 0 = 0 கிடைக்கும். ஆகவே பொதுக் காரணியை வெட்டலாம் என்று கை போகிற இடத்தில்தான் தீர்வு இருக்கிறது. வெட்ட வசதியாகத் தெரிவதும் தீர்வு தொலைவதும் ஒரே காரணத்தால்தான். (மற்றப் பக்கத்தில் அந்தக் காரணி எழுத்தில் தெரியாமல் ஒளிந்திருக்கலாம், sin 2x இல் cos x ஒளிந்திருப்பதுபோல. அதனால் கண்ணால் பார்ப்பதைவிடப் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது.)

கொட்டகலை: ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. நான் விடையைப் பொருத்திப் பாத்தேனே. வர்க்கமூலம் இருக்கிற கணக்குல பிழையான விடை வந்தா பொருத்தும்போது பிடிபடுதுதானே. இது ஏன் பிடிபடல?

தலவாக்கலை: அங்க என்ன பிடிபடுது?

கொட்டகலை: √(x + 2) = x. வர்க்கிச்சா x² − x − 2 = 0. x = 2, x = −1. மைனஸ் ஒண்ணைப் போட்டா இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் −1. தள்ளிடுவோம்.

தலவாக்கலை: அங்க கூடுதலா ஒண்ணு வந்து நிக்குது. அது கையில இருக்கு, போட்டுப் பாக்கலாம். இங்க குறையுது. கையில இல்லாததை எப்படிப் போட்டுப் பாப்ப?

இந்த நிகழ்வை எழுத வைத்ததே அந்தக் கடைசிக் கேள்விதான். வர்க்கித்தல், பகுதியால் பெருக்குதல் போன்ற படிகள் தீர்வுத் தொடையைப் பெரிதாக்கக்கூடியவை. உண்மையான தீர்வுகள் எல்லாம் உள்ளே இருக்கும், கூடவே சில போலிகளும் இருக்கலாம். பொருத்திப் பார்ப்பது அந்தப் போலிகளைக் களைகிற சோதனை. மாறி உள்ள காரணியால் வகுத்தல் தொடையைச் சுருக்கக்கூடிய படி. உள்ளே இருப்பவை எல்லாம் நல்லவைதான், அதனால் எத்தனை தடவை பொருத்தினாலும் சோதனை சரி என்றே சொல்லும். பொருத்திப் பார்த்த திருப்தி கொட்டகலைக்காரிக்கு இன்னும் உறுதியைத்தான் கொடுத்தது. அதனால் வகுத்த பிறகு தேடிப் பயனில்லை, வகுக்கிற வரியிலேயே பார்த்துவிட வேண்டும்.

வேறு வழியில் சந்தேகம் வருமாறு செய்யலாமா என்றால், செய்யலாம். y = sin 2x, y = cos x என்ற இரண்டு வளையிகளையும் ஒரே வரைபில் பருமட்டாக வரைந்து காட்டினேன். x = 0 இல் கோசைன் 1 இல் இருக்கிறது, சைன் 0 இல். π/4 இல் sin 2x உச்சத்தைத் தொட்டு 1 ஆகிவிட, cos x ஏறக்குறைய 0.71 இற்கு இறங்கியிருக்கிறது. ஆகவே இடையில் ஒரு வெட்டு. π/2 இல் இரண்டும் அச்சிலேயே சந்திக்கின்றன. 2π/3 இல் sin 2x ஏறக்குறைய −0.87, cos x −0.5. அதாவது சைன் கீழே போய்விட்டது. π இல் மறுபடி சைன் மேலே, 0 இற்கு எதிராக −1. இடையில் 5π/6 இல் ஒரு வெட்டு. 3π/2 இல் மறுபடியும் அச்சில் சந்திப்பு. மொத்தம் நான்கு. இரண்டு தீர்வுகளோடு இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அச்சின் மேலிருக்கும் இரண்டு சந்திப்புகளும் உடனே கண்ணில் படும். வரைய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் கடினமான கோவைகளுக்கு இப்படி வரைய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

பல்லுறுப்பிச் சமன்பாடுகளில் படியை எண்ணுவதும் ஓரளவு உதவும். x³ = 4x ஐ x ஆல் வகுத்தால் ±2 மட்டும் கிடைக்கும். முப்படிச் சமன்பாட்டுக்கு இரண்டே மூலங்களா என்று சந்தேகம் வந்தால் 0 ஐக் கண்டுபிடிக்கலாம். ஆனால் x³ = −4x இற்கு மெய் மூலம் 0 ஒன்றுதான், அங்கே எண்ணிக்கை வழி காட்டாது. அதே சமன்பாட்டை x ஆல் வகுத்தால் x² = −4 வரும். மெய்த் தீர்வே இல்லை என்று முடித்துவிடுவோம், இருந்த ஒன்றும் போய்விடும்.

தலவாக்கலைக்காரி தானாகவே ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தாள்.

தலவாக்கலை: இதைப் பாரேன். cos²x = sin 2x cos x. இதை cos x ஆல வகுத்தா நம்ம பழைய கணக்கே வருது, cos x = sin 2x. அதுல நாலு தீர்வு. பழசுலயும் அதே நாலுதான். வகுத்தும் ஒண்ணும் தொலையல!

கொட்டகலை: cos x ரெண்டு பக்கமும் இருந்துச்சுதானே. வெட்டினா தொலையணுமே.

தலவாக்கலை: வெட்டின பிறகும் cos x உள்ளயே இருக்கு, sin 2x க்குள்ள. ரெண்டாவது தடவை வெட்டினாத்தான் போகும்.

சரிதான். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் cos²x (1 − 2 sin x) = 0. காரணி இரண்டு தடவை இருக்கிறது. ஒன்றை எடுத்தாலும் மற்றது அந்தத் தீர்வுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதனால்தான் சில சமயம் வெட்டியும் விடை முழுதாக வந்துவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று கணக்குகளில் தப்பித்துவிட்டால் பழக்கம் கையில் ஊறிவிடும்.

பிரயோக கணிதத்திலும் இதே வெட்டு வரும், அங்கே விவகாரம் கொஞ்சம் வேறு. நிலைக்குத்தாக மேல்நோக்கி செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் எறியப்பட்ட துணிக்கை எறிந்த இடத்துக்கு எப்போது திரும்பும் என்று கேட்டால், g ஐ 10 என்று எடுத்து, 20t = 5t² என்று எழுதுவோம். t ஆல் வகுத்தால் t = 4 செக்கன். இங்கும் t = 0 என்ற தீர்வு தொலைகிறது. கொட்டகலைக்காரி இதைச் சொல்லி, "அப்ப இதுவும் பிழையா?" என்று கேட்டாள். t = 0 என்பது எறிந்த கணம், திரும்பி வந்த கணம் அல்ல. கேள்வியே t > 0 என்பதைக் கேட்கிறது. ஆகவே வகுக்கலாம், ஆனால் "t > 0 என்பதால்" என்று எழுதிவிட்டு வகுக்க வேண்டும். அந்தத் துணிக்கை எறிந்த மட்டத்தில் எந்தெந்த நேரங்களில் இருக்கும் என்று கேள்வி சற்று மாறினால், தொலைந்த 0 உம் விடையில் ஒன்றாகிவிடும்.

எப்போதும் பயப்படத் தேவையில்லாத காரணிகளும் உண்டு. x eˣ = 3eˣ இல் eˣ ஐ வெட்டலாம், அது எந்த மெய் x இற்கும் பூச்சியமாகாது. x² + 1 உம் அப்படித்தான், மெய்யெண்களுக்குள் இருக்கும்வரை. சிக்கலெண்களுக்குப் போனால் x = i இல் அதுவும் பூச்சியமாகிவிடும்.

இதற்குப் பிறகு கொட்டகலைக்காரி தன் செய்கையைத் திருத்தி எழுதினாள்:

2 sin x cos x − cos x = 0
cos x (2 sin x − 1) = 0
cos x = 0 அல்லது sin x = 1/2
x = π/6, π/2, 5π/6, 3π/2

தலவாக்கலைக்காரி தன் கொப்பியோடு ஒப்பிட்டு, 3π/2 தன்னிடம் π/6 இன் வகையில் வந்ததையும் இங்கே cos x = 0 இலிருந்து வருவதையும் கவனித்தாள். அவள் வழியில் π/6, 5π/6, 3π/2 என்பன சம இடைவெளியில் நிற்கும் ஒரே வரிசை. அந்த வரிசையில் ஒன்றுதான் கொட்டகலைக்காரியின் வெட்டில் போயிருக்கிறது. ஆக, எந்தத் தீர்வு தொலையும் என்பதைத் தீர்மானித்தது cos x ஐ வெட்டிய அந்த ஒரு படிதான். வேறு வழியில் போயிருந்தால் அந்த மூன்றும் சேர்ந்தேதான் இருந்திருக்கும்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கொட்டகலைக்காரி இன்னொரு கணக்கைக் காட்டினாள். (k − 2)x = k² − 4, இங்கே k ஒரு மாறிலி, x ஐக் காண்க.

கொட்டகலை: இங்க k மாறியில்ல, மாறிலி. k − 2 ஆல வகுக்கலாம்தானே? x = k + 2.

தலவாக்கலை: மாறிலின்னாலும் எத்தனைன்னு தெரியாதுல்ல. k = 2 ன்னு வச்சுக்கோ.

கொட்டகலை: 0 × x = 0. அப்ப x... எதைப் போட்டாலும் சரி வருமே. நான் வகுத்திருந்தா 4 ன்னு ஒண்ணை மட்டும் எழுதியிருப்பேன்.

தலவாக்கலை: மிச்சம் எல்லா எண்ணும் போயிருக்கும்.

கொட்டகலை: அந்தப் பக்கம் k² − 4 க்குப் பதிலா வெறும் k இருந்திருந்தா?

தலவாக்கலை: 0 = 2. தீர்வே இருக்காது.

அவள் நின்றபடியே கொப்பியில் எழுதினாள்: k ≠ 2 எனின் x = k + 2. k = 2 எனின் எல்லா மெய்யெண் x உம் தீர்வு.